சிம்ப்ளெக்ஸ் அட்டவணையின் கடைசி வரியைப் படிப்பது எப்படி?

மேசை (x), நாற்காலி (y) என்று இரண்டு பொருள்கள். ஒன்றுக்கு லாபம் முறையே 40, 30.

```
max 40x + 30y
2x + y  <= 50   (இயந்திர மணி)
x + y   <= 35   (ஆள் மணி)
x + 3y  <= 90   (பெயின்ட், லிட்டர்)
```

மூன்று வரம்புகளின் மிச்ச மாறிகள் முறையே s1, s2, s3. முதலில் x உள்ளே வரும். விகிதங்கள் 25, 35, 90. சிறியது 25 என்பதால் s1 வெளியேறும். அப்புறம் y வரும், s2 போகும். இரண்டே சுற்றில் x = 15, y = 20, லாபம் 1200.

பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கடைசி வரியான z வரியில் s1, s2, s3-க்குக் கீழே இருக்கும் 10, 20, 0 ஆகியவைதான் இருமை மாறிகள். முதலில் சரிபாருங்கள்: 50×10 + 35×20 = 1200. இது பொருந்தாவிட்டால் கணக்கில் எங்கோ பிழை.

பெயின்டுக்கு 0, ஏனென்றால் 15 லிட்டர் மிச்சம் இருக்கிறது. ஆள் மணிக்கு 20, அதாவது ஒரு மணி கூடினால் லாபம் 20 கூடும். லாபக் கணக்கில் கூலியை ஏற்கெனவே கழித்திருந்தால், வழக்கமான கூலிக்கு மேல் 20 வரை கூடுதலாகக் கொடுக்கலாம்.

சரி, பத்து மணி வாங்கலாமா? கூடாது. கூடும் ஒவ்வொரு ஆள் மணிக்கும் மேசை ஒன்று குறைந்து நாற்காலி இரண்டு கூடும். பெயின்ட் 5 லிட்டர் அதிகம் செலவாகும். மிச்சம் 15 லிட்டர்தானே, மூன்று மணியில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் இந்த 20 செல்லாது. கணக்கை மறுபடி போட வேண்டும்.

இந்த 5-ஐத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. கடைசி அட்டவணையில் s2 நெடுவரிசையில், பெயின்ட் வரியில் −5 என்றே இருக்கும்.