திரையில் நீலம், அட்டையில் ஊதா: அச்சகத்துக்கு நிறத்தை எழுதிக் கொடுப்பது எப்படி?

ஊதுபத்தி டப்பாவுக்கு மானிட்டரில் பளிச்சென்று ஒரு நீலம் போட்டிருப்பீர்கள். அச்சாகி வரும்போது அது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். பெரும்பாலும் அச்சகத்தின் மேல் தப்பில்லை. திரை ஒளியைத் தானே வீசுகிறது. அட்டையோ தன்மேல் விழும் ஒளியில் மை விழுங்கியது போக மிஞ்சியதைத்தான் காட்டுகிறது. நீலத்துக்குச் சயானும் மெஜந்தாவும் சேர வேண்டும். சயான் மை சிவப்பை முழுதாக விழுங்காது, மெஜந்தா மை நீலத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். அதனால்தான் நிறம் மங்கி, ஊதாவுக்குச் சாய்கிறது.

முதலில் இதைத் திரையிலேயே பார்த்துவிடுங்கள். போட்டோஷாப்பில் View > Proof Setup > Custom போய், அச்சகம் கொடுத்த புரொஃபைலை, அதாவது அவர்களின் மையும் அட்டையும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பை, தேர்ந்தெடுங்கள். அவர்கள் தரவில்லை என்றால், பளபளப்பு அட்டைக்கு Coated FOGRA39 வைத்துப் பார்க்கலாம். பிறகு Ctrl+Y. (இல்லஸ்ட்ரேட்டரில் Ctrl+Y அழுத்தினால் வெறும் கோட்டுருவம்தான் தெரியும், அங்கே View > Proof Colors.)

அடுத்து, சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நாலு மைகளின் சதவீதக் கணக்கான சிஎம்ஒய்கே-க்கு மாற்றுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: மென்பொருள் கொடுக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆர்ஜிபி 0, 0, 255 என்ற நீலம் பழைய அமெரிக்கப் புரொஃபைலில் ஏறக்குறைய சயான் 88, மெஜந்தா 77 ஆகிறது. இரண்டுக்கும் இடைவெளி 11 மட்டுமே, எனவே ஊதா நிச்சயம். மெஜந்தாவைச் சயானைவிட 30-ஆவது குறைத்து வையுங்கள். சயான் 100, மெஜந்தா 60 நல்ல தொடக்கம். நீலமாக வரும், ஆனால் திரையின் பளிச் வராது. அதை நெருங்க வேண்டுமென்றால், பான்டோன் எண் சொல்லித் தனியாகக் கலக்கும் மை; கூடுதல் பிளேட்டுக்குச் செலவாகும்.

இனி குறிப்பு. "மயில் நீலம்" என்று எழுதினால் ஆளுக்கொரு மயில். இப்படி எழுதுங்கள்:

"மூடியின் பின்னணி: சயான் 100, மெஜந்தா 60, மஞ்சள் 0, கருப்பு 0. லேசாகப் பச்சைப் பக்கம் போனால் பரவாயில்லை, ஊதாப் பக்கம் போகக் கூடாது. சின்ன எழுத்து: கருப்பு 100 மட்டும். 300 ஜிஎஸ்எம் வெள்ளை அட்டை, மேட் லேமினேஷன்."

எந்தப் பக்கம் சாய்ந்தால் ஆகாது என்ற அந்த ஒரு வரி, மெஷினில் நிற்பவருக்கு எண்களைவிட உதவும். சின்ன எழுத்தை நாலு மையில் அடித்தால், பிளேட் இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் நிழல் தட்டும்.

பின்சேர்க்கை: மேட் லேமினேஷன் அடர் நிறங்களை வெளிறக் காட்டும், எனவே முன்கூட்டி அடித்துக் காட்டும் புரூஃபையும் லேமினேஷன் போட்டே கேளுங்கள். பழுப்பு கிராஃப்ட் அட்டை என்றால் அடியில் வெள்ளை மை போடாமல் எந்த நீலமும் நீலமாகாது. புரூஃபை வாட்ஸ்அப் படத்தில் பார்த்து ஓகே சொல்வது வீண். வெள்ளை டியூப்லைட் நீலத்தைத் தூக்கிக் காட்டும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், அச்சகத்தில் 5000 கெல்வின் விளக்குப் பெட்டி இருந்தால் அதில் பாருங்கள்.