நாமினி இல்லாத டீமேட் கணக்கு: கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?

அப்பா இறந்துவிட்டார், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது, அதில் 11 லட்ச ரூபாய் பங்குகள், நாமினி இல்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றுக்கு அலைய வேண்டாம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022-இல் வகுத்த விதிப்படி, ஒரு டீமேட் கணக்கின் மதிப்பு 15 லட்சத்துக்குள் இருந்தால் எளிய வழி உண்டு.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை இ-சேவை மூலம் வாங்குங்கள். பங்குகள் அம்மாவுக்கு என்றால், அவர் பெயரில் டீமேட் கணக்கு வேண்டும். அப்புறம் இறப்புச் சான்றிதழ், பங்குகளை வாரிசு பெயருக்கு மாற்றக் கோரும் டிரான்ஸ்மிஷன் படிவம், நோட்டரி கையெழுத்துடன் பிரமாணப் பத்திரம், இழப்பீட்டு உறுதிப் பத்திரம், பிள்ளைகள் எல்லோரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவற்றை அப்பாவின் புரோக்கரிடம் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை கையெழுத்து போட மறுத்தாலும் இந்த வழி அடைபடும், கோர்ட்தான்.

பெரும்பாலும் விண்ணப்பம் திரும்புவது பெயரால். இறப்புச் சான்றிதழில் ‘சு. முருகேசன்’, பான் அட்டையில் ‘முருகேசன் சுப்பிரமணியன்’ என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கான ஆவணத்தையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

டீமேட்டில் இல்லாத மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு ஃபண்டுகளின் பதிவாளர் நிறுவனங்களான கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவற்றுக்கான வரம்பு வேறு. அப்பாவின் பாஸ்வேர்டு தெரியும் என்று நீங்களே விற்றுவிடாதீர்கள், அது சட்டப்படி தவறு.