சான்றிதழைப் பார்த்து வைரத்தின் விலையைக் கணக்குப் போடுவது எப்படி?

கட்டிங், நிறம், கிளாரிட்டி, கேரட் என்ற நான்கையும் எங்கே தேடினாலும் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். அதனால் அதை மறுபடி இங்கே எழுதப் போவதில்லை. இந்த நான்கும் சேர்ந்து கடைசியில் எப்படி ஒரு தொகையாக மாறுகின்றன என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. ஒரு மோதிரக் கல் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரே எடை, ஒரே தரம் எழுதிய இரண்டு சான்றிதழ்களுக்கு நடுவே கணிசமான விலை வித்தியாசம் இருந்ததைப் பார்த்துதான் இதற்குள் இறங்கினேன். கீழே சொல்வது வட்ட வடிவ, இயற்கை வைரத்துக்கு.

படி 1: அட்டவணையில் கல்லின் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

மொத்த வியாபாரிகள் விலை பேசும்போது பெரும்பாலும் ராப்பபோர்ட் பட்டியலைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். 1978 முதல் வரும் பட்டியல் இது. வியாபாரிகள் வாயில் சுருக்கமாக 'ராப்'. ஒவ்வொரு எடை வரம்புக்கும் தனித்தனி அட்டவணை இருக்கும்: 0.90 முதல் 0.99 வரை ஒன்று, 1.00 முதல் 1.49 வரை இன்னொன்று, இப்படி. அட்டவணைக்குள் நிறம் வரிசையாக இறங்கும், கிளாரிட்டி பத்தியாக ஓடும். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு கேரட்டுக்கான விலை நூறு டாலர் கணக்கில் இருக்கும்.

அதாவது கேரட் எந்த அட்டவணை என்று சொல்கிறது, நிறம் எந்த வரிசை, கிளாரிட்டி எந்தப் பத்தி. கட்டிங் எங்கே? அந்த அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. நல்ல கட்டிங் என்றால் தள்ளுபடி குறையும், மோசமான கட்டிங் என்றால் 'ராப் மைனஸ் இத்தனை சதவீதம்' என்று தள்ளுபடி ஏறும். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் தன்மைக்கும் இதே கதிதான், அதுவும் தள்ளுபடி வழியாகத்தான் விலைக்குள் நுழைகிறது. பட்டியலில் அச்சாகியிருப்பது பேரத்தின் தொடக்கப் புள்ளி. அந்த விலைக்கே கல் கைமாறும் என்று நினைக்க வேண்டாம்.

படி 2: எடையால் பெருக்குங்கள், ஆனால் வரம்பைக் கவனியுங்கள்

ஒரு கேரட் என்பது 0.2 கிராம், அதில் நூறு சென்ட். கட்டத்தில் உள்ள விலையை எடையால் பெருக்கினால் கல்லின் விலை. இதுவரை சுலபம். சிக்கல் எங்கே என்றால், 0.99 கேரட்டிலிருந்து 1.00 கேரட்டுக்குப் போகும்போது எடை ஒரு சென்ட்தான் கூடுகிறது, ஆனால் அட்டவணையே மாறிவிடுகிறது. கேரட் விலை ஒரு படி தாவுகிறது, அந்தத் தாவிய விலை மொத்த எடைக்கும் பொருந்துகிறது.

இது பட்டை தீட்டுபவருக்கும் தெரியும். கையில் இருக்கும் கல்லை அழகாகத் தீட்டினால் 0.94 வரும், கொஞ்சம் ஆழமாக விட்டு, இடுப்பு விளிம்பைத் தடிமனாக வைத்தால் 1.02 வரும் என்றால், பலர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித் தேங்கிய எடை முழுக்க கல்லின் வயிற்றிலும் விளிம்பிலும் ஒளிந்துகொள்ளும். மேலிருந்து பார்க்கிற நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்த இடத்தில் நிதானமாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கற்கள், இரண்டும் ஜி நிறம், விஎஸ்2 கிளாரிட்டி. விலைகள் வெறும் உதாரண அலகுகள், சந்தை விலை கிடையாது.

முதல் கல் 1.02 கேரட். சான்றிதழில் அளவு 6.28 – 6.31 × 4.08 மி.மீ., கட்டிங் 'குட்'. இரண்டாவது கல் 0.94 கேரட். அளவு 6.29 – 6.32 × 3.88 மி.மீ., கட்டிங் 'எக்ஸலண்ட்'. முதல் இரண்டு எண்கள் விட்டம், மூன்றாவது உயரம். உயரத்தைச் சராசரி விட்டத்தால் வகுங்கள்: முதல் கல்லுக்கு 64.8 சதவீதம் ஆழம், இரண்டாவதுக்கு 61.5. விட்டத்தை இப்போது ஒப்பிடுங்கள். எட்டு சென்ட் குறைவான கல் விரலில் ஒரு மயிரிழை பெரிதாகத் தெரியும்! அதோடு, கோணங்களும் சரியாக அமைந்திருப்பதால் உள்ளே போன வெளிச்சம் மேல்பக்கமாகவே திரும்பி வரும். ஆழமான கல்லில் ஒளி அடிப்பக்கமாகக் கசிந்து நடுவில் கருத்துத் தெரிய வாய்ப்பு அதிகம்.

விலை? ஒரு கேரட்டுக்கு மேலான அட்டவணையில் கேரட்டுக்கு 100 அலகு, கட்டிங்குக்காக 10 கழித்து 90 என்று வைத்துக்கொண்டால் முதல் கல் 91.8. கீழ் அட்டவணையில் கேரட்டுக்கு 80 என்றால் இரண்டாவது கல் 75.2. என் கருத்தைக் கேட்டால், 'முழு ஒரு கேரட்' என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் 0.90 முதல் 0.97 வரை உள்ள எக்ஸலண்ட் கற்களைத்தான் முதலில் தேட வேண்டும். 0.98, 0.99 எண்களில் கற்கள் அரிதாகத்தான் கிடைக்கும். காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

படி 3: கிளாரிட்டியின் எழுத்தோடு நிறுத்தாதீர்கள்

கிளாரிட்டி தரம் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்துக் கொடுக்கப்படுவது. எஸ்ஐ1 வாங்கிய இரண்டு கற்களில் ஒன்றில் கருப்புப் புள்ளி மேல்முகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கலாம், இன்னொன்றில் மெல்லிய கீறல் விளிம்போரமாக ஒதுங்கி, மோதிரக் கொக்கிக்கு அடியில் மறைந்துவிடலாம். அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சான்றிதழில் வரைபடம் இருந்தால் சிவப்பு கல்லுக்குள் இருப்பதைக் காட்டும், பச்சை மேற்பரப்பில் இருப்பதை. வைரங்களுக்குத் தரம் போடும் அமெரிக்க ஆய்வகமான ஜிஐஏவின் சிறிய டோசியர் வகைச் சான்றிதழில் இந்த வரைபடம் கிடையாது, அது குறை என்று பயப்பட வேண்டாம். வரைபடத்தைவிட எல்லோரும் தாண்டிப்போகிற இடம் கீழே உள்ள கருத்துப் பகுதி. அங்கே இப்படி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்:

```
Clarity grade is based on clouds that are not shown.
```

மேகம்போல் நுண்துகள்கள் கூடி நிற்கின்றன, தரமே அதை வைத்துத்தான் முடிவானது, ஆனால் வரைபடத்தில் அதை வரையவில்லை என்று அர்த்தம். விஎஸ் தரத்தில் இது பெரும்பாலும் கவலைக்குரியதாக இருக்காது. அதைவிடக் கீழான எஸ்ஐ2வில் இந்த வரி இருந்தால், கல் முழுவதும் லேசாகப் பால் கலந்ததுபோல மங்கியிருக்க வாய்ப்புண்டு. வரைபடம் சுத்தமாக இருக்கிறதே என்று அப்படிப்பட்ட கல்லைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பளபளப்பான இன்னொரு கல்லின் பக்கத்தில், கடை விளக்குக்கு வெளியே, சாதாரண வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மங்கல் இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

படி 4: சான்றிதழ் யார் கொடுத்தது?

சான்றிதழில் விலை எழுதியிருக்காது. ஆனால் கல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முடிவு செய்வது அதுதான், அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு. நிறத் தரம் மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டுக் கொடுக்கப்படுவது. பயிற்சி பெற்ற மனிதர்களின் தீர்ப்பு என்பதால் ஒரு படி முன்பின் வருவது எங்கும் நடக்கும். எப்போதும் ஒரே திசையில், தாராளமாகவே தரம் போடும் ஆய்வகங்கள் இருப்பதுதான் பிரச்சினை.

நம் 0.94 கல்லையே எடுத்துக்கொள்வோம். தாராளமான ஆய்வகம் ஒன்று ஜி, விஎஸ்2 என்று எழுதியிருக்கிறது. கண்டிப்பான ஆய்வகம் அதையே இரண்டிலும் கீழான ஐ, எஸ்ஐ1 என்கிறது. கேரட் விலை 80இலிருந்து 60க்கு இறங்குகிறது என்று வைத்தால் கல் 56.4 அலகுதான். விற்பவர் 75.2 என்று பட்டியலிட்டு, 'உங்களுக்காக' 65க்குத் தருகிறேன் என்றால் அது சலுகையா? எட்டு அலகுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம்! அதனால் இரண்டு கற்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே ஆய்வகத்தின் சான்றிதழாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கணக்கே போட வேண்டாம். சான்றிதழே இல்லாத கல்லை வாங்குகிற வியாபாரி ஓரிரு படி கீழான தரத்தை மனதில் வைத்துத்தான் விலை சொல்வார், தன் பாதுகாப்புக்கு.

படி 5: காகிதமும் கல்லும் ஒன்றுதானா?

சான்றிதழ் எண்ணை ஜிஐஏ தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள்: `gia.edu/report-check`. விற்பவர் அனுப்பும் கோப்பை நம்ப வேண்டாம். அப்புறம் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணை லூப்பில் படியுங்கள். இதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் எண்ணைப் போலியாகப் பொறிக்க முடியும், ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தில் இயற்கை வைரத்தின் எண்ணைப் பொறித்து விற்க முயன்றது வெளிவந்திருக்கிறது. எனவே விட்டம், உயரம், எடை மூன்றையும் அளந்து காகிதத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். விட்டம் 0.05 மி.மீ. விலகினாலும் கேள்வி கேளுங்கள். நகையில் பதித்த கல்லை இப்படிச் சரிபார்ப்பது கடினம், முடிந்தால் பதிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கருவி விஷயத்தில் என் சிபாரிசு: ஒரு நல்ல பத்து மடங்கு லூப், அவ்வளவுதான். பேனா வடிவ 'வைரச் சோதனை' கருவிக்குப் பணம் போடாதீர்கள். அவற்றில் பல வெப்பம் கடத்தும் வேகத்தைத்தான் பார்க்கின்றன. வைரம்போலத் தெரியும் வேறு கல்லான மொய்சனைட்டும் அதில் தேறிவிடும், ஆய்வக வைரமோ வைரமே என்பதால் தேறாமல் இருக்க வழியே இல்லை.

பின்சேர்க்கை: ஓவல், பிரின்சஸ் வடிவச் சான்றிதழில் கட்டிங் தரமே இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவற்றுக்குப் பொதுவாக பாலிஷும் சமச்சீரும்தான் குறிப்பிடப்பட்டிருக்கும். அவை இரண்டும் எக்ஸலண்ட் என்றிருந்தால் கட்டிங் எக்ஸலண்ட் என்று ஆகிவிடாது, மேற்பரப்பு மழமழவென்றும் பட்டைகள் நேர்த்தியாகவும் இருக்கின்றன என்பது மட்டுமே செய்தி. இந்த வடிவங்களை வீடியோவிலோ நேரிலோ பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இன்னொரு பின்சேர்க்கை: இந்தக் கணக்கை ஆய்வக வைரத்துக்குப் போடாதீர்கள். அவற்றின் விலை இயற்கை வைரத்தைவிட வெகுவாகக் கீழே இருக்கிறது, ராப் அட்டவணை அதற்குப் பொருந்தாது. ஜிஐஏவும் 2025இல் அவற்றுக்கு இந்த நிற, கிளாரிட்டி எழுத்துகளை விட்டுவிட்டு 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்ற இரண்டே பிரிவுகளுக்கு மாறியது. பழைய ஆய்வக வைரச் சான்றிதழில் டி, விவிஎஸ்1 போன்ற உயர்ந்த தரத்தைப் பார்த்தால், முதலில் கல்லின் தோற்றம் எழுதியிருக்கும் வரியைப் படித்துவிட்டு விலைக்கு வாருங்கள்.