ஆறு மாதக் குழந்தைக்கு முதல் பருப்புச் சாதம்: எவ்வளவு குழைய வேண்டும்?

ஆறு மாதம் முடிந்ததும் பல வீடுகளில் முதலில் கொடுப்பது பருப்புத் தண்ணீர், இல்லாவிட்டால் வடிகஞ்சி. அதில் வயிறு நிறையும், சத்து சேராது. சின்ன வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிட்டால் தாய்ப்பால் குடிப்பதும் குறையும். அதனால் முதல் நாளே மசித்த சாதமாகவே தொடங்கலாம். அதற்கு முன், தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்துக்கொண்டால் உட்காருகிறதா, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு. கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, சின்னக் கிண்ணத்தில் குக்கருக்குள் வைத்து ஐந்தாறு விசில் விடுங்கள். உப்பு, சர்க்கரை வேண்டாம். ஒரு வயது வரை தேனும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிறு குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

2. சூட்டோடு கரண்டியின் பின்புறத்தால் மசித்து, அரை டீஸ்பூன் நெய் சேருங்கள். மிக்ஸி வேண்டாம். சாதம் பசை மாதிரி ஆகிவிடும். வழுவழுப்புக்கே பழகிய குழந்தை பின்னால் சின்னக் கட்டி வந்தாலும் துப்பும்.

3. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். உடனே வழிந்தால் நீர்த்துவிட்டது, இன்னும் கொஞ்சம் சாதம் மசித்துச் சேருங்கள். ஒட்டிக்கொண்டு விழவே மறுத்தால் வெந்நீரோ தாய்ப்பாலோ விட்டுத் தளர்த்துங்கள். மெதுவாக நழுவி விழுந்தால் சரி.

4. நிமிர்த்தி உட்காரவைத்து இரண்டு மூன்று ஸ்பூன் மட்டும் கொடுங்கள். படுக்கவைத்து ஊட்டக் கூடாது. வாயை மூடிக்கொண்டாலோ முகத்தைத் திருப்பினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். தாய்ப்பால் வழக்கம்போல் தொடரட்டும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒரு புது உணவு என்று பூசணி, கேரட், வாழைப்பழம், நன்றாக வெந்த முட்டை எல்லாம் வரலாம். முட்டையைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வயதில் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது. மெல்ல மெல்ல ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம் என்று அளவு கூடும்.

கேழ்வரகில் ஒரு சிக்கல் உண்டு. மாவு கொஞ்சம் கூடினாலே கூழ் இறுகிவிடும், தண்ணீர் விட்டால் சத்து நீர்த்துவிடும். முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவில் இந்தத் தொல்லை குறைவு. முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அதே தண்ணீரில் கூடுதல் மாவு பிடிக்கும்.

எட்டாம் மாதம் மசிப்பதைக் குறைத்து, விரலால் நசுங்கும் கட்டிகளை விட்டுவையுங்கள். அப்போது குழந்தை ஓங்கரிக்கும், இருமும், முகம் சிவக்கும். சத்தம் வருகிறவரை பயமில்லை, தானே சமாளித்துக்கொள்ளும். சத்தமே இல்லாமல், அழவும் முடியாமல் திணறினால்தான் ஆபத்து. உடனே முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நடுநெஞ்சில் இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, இவையெல்லாம் இந்த வயதில் கைக்கு எட்டவே கூடாது.