ஷுட், மஸ்ட், மைட், கேன்: எல்லாத்துக்கும் "வேண்டும்", "-லாம்" போட்டா எங்க இடிக்கும்

மொழிபெயர்ப்புக்குப் புதுசா வர்றவங்க பெரும்பாலும் மஸ்ட், ஷுட் ரெண்டுக்கும் "வேண்டும்" போடுவாங்க, மே, மைட், கேன் மூணுக்கும் "-லாம்" போட்டு முடிச்சிடுவாங்க. பேசும்போது இது ஓடிடும், ஏன்னா எவ்வளவு கட்டாயம்ங்கிறது குரல்லயே தெரிஞ்சிடும், ஆனா எழுத்துல அந்த அழுத்தத்தையும் சொல்லுதான் சுமக்கணும். மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற தாள் மாதிரி ஒண்ண வச்சு செஞ்சு பாக்கலாம்.

ஆங்கிலத்துல இப்படி இருக்குன்னு வச்சுக்குங்க: மாத்திரைய முழுசா விழுங்குறது மஸ்ட், நசுக்குறது மஸ்ட் நாட், சாப்பிட்ட பிறகு எடுக்குறது ஷுட், தூக்கம் வர்றது மே, கொஞ்சம் தேறினதும் சில நோயாளிகள் மருந்த நிறுத்திடுறது மைட்.

முதல் வேலை, ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் "செய்யலேன்னாலும் பரவால்ல"ன்னு சேர்த்துப் படிங்க. முழுசா விழுங்கணும், விழுங்கலேன்னாலும் பரவால்ல அப்படின்னா முன்னாடி சொன்னதே அடிபட்டுப் போகுது, அப்போ அது மஸ்ட், "விழுங்க வேண்டும்" சரி. சாப்பிட்ட பிறகு எடுக்குறதுக்கு அதே ஒட்டு ஓரளவு ஒட்டுது, அதனால அது ஷுட், "எடுத்துக்கொள்வது நல்லது"ன்னு எழுதலாம். ரெண்டுக்கும் "வேண்டும்" போட்டா படிக்கிறவருக்கு எது உயிர்நாடி, எது ஆலோசனைன்னு பிரிச்சுப் பாக்க வழியே இல்ல. வேறுபாடு காட்டுறதுக்காக எல்லா மஸ்ட்டுக்கும் "கண்டிப்பாக" சேர்க்குறவங்களும் உண்டு, பத்து தடவ வந்தா அந்தச் சொல்லு செத்துடும், ஷுட்ட இறக்குறதுதான் நல்ல வழி.

எல்லா இடத்துலயும் "நல்லது" பொருந்தாது. 1997ல வந்த ஆர்எஃப்சி 2119ங்கிற இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஷுட்டுக்கு ஒரு வரையறையே வச்சிருக்கு: தக்க காரணம் இருந்தா விலகலாம், ஆனா விளைவ முழுசா யோசிச்சுட்டுத்தான் விலகணும். இதுக்கு "நல்லது" ரொம்ப மெலிவு, "தக்க காரணம் இல்லையெனில் செய்ய வேண்டும்"ங்கிறது கிட்ட வருது.

அடுத்து எதிர்மறை, இங்கதான் நிறைய பேர் தவறுறாங்க. "நசுக்க வேண்டாம்"ங்கிறது கேட்டுக்கொள்ற தொனி, சில சமயம் அவசியமில்லங்கிற பொருளும் வந்துடும். தடைக்கு "நசுக்கக் கூடாது". அவசியமில்லன்னா "நசுக்கத் தேவையில்லை". மூணும் மூணு வேற விஷயம். கேன் நாட்டும் அப்படித்தான், மருந்து சாப்பிட்டுட்டு வண்டி ஓட்டுறதப் பத்தி "ஓட்ட முடியாது"ன்னு எழுதினா கை கால் வராதுன்னு ஆகுது, தடைன்னா "ஓட்டக் கூடாது". எதிர்மறை இல்லாம வர்ற கேனுக்கு, ஆற்றல்னா "முடியும்", அனுமதின்னா "-லாம்".

இப்போ கடைசி வரி. நான் ஆரம்பத்துல இதே மாதிரி ஒரு வரிய "சில நோயாளிகள் மருந்தை நிறுத்தலாம்"னு எழுதிக் கொடுத்தேன், சரிபார்த்த அக்கா "நிறுத்திக்கோங்கன்னு அனுமதி குடுக்குறீங்களாப்பா?"ன்னு கேட்டாங்க. இன்னிக்கும் அந்தக் கேள்வி மனசுல இருக்கு. "தூக்கம் வரலாம்"ல பிரச்சன இல்ல, ஏன்னா தூக்கத்துக்கு யாரும் அனுமதி குடுக்குறதில்ல. ஆனா எழுவாய் மனுஷனா இருந்து, செயலும் அவர் விருப்பப்படி நடக்குறதா இருந்தா "-லாம்" உடனே அனுமதியா மாறிடும். அங்க "நிறுத்திவிடக்கூடும்" போடுங்க.

இந்தக் "கூடும்" ஒரு விசித்திரமான சொல்லு. நேர்மறையில வந்தா "ஒருவேளை நடக்கும்", எதிர்மறையில வந்தா "கூடாது", அதாவது தடை. அதனால "மருந்து வேல செய்யாம போகலாம்"ங்கிறத "வேலை செய்யக் கூடாது"ன்னு திருப்பிடாதீங்க, "வேலை செய்யாமல் போகக்கூடும்"னு எழுதுங்க.

எல்லாம் சேர்த்தா இப்படி வரும்:

"மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும், நசுக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு எடுத்துக்கொள்வது நல்லது. தூக்கம் வரலாம். சற்றுத் தேறியதும் சில நோயாளிகள் மருந்தை நிறுத்திவிடக்கூடும்."

குடுக்குறதுக்கு முன்னாடி ஆங்கிலத்தப் பாக்காத ஒருத்தர்கிட்ட இத மட்டும் நீட்டி, ஒவ்வொரு வரிக்கும் "இத செய்யலேன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேளுங்க. அவங்க பதில் மூலத்தோட ஒத்துப்போகாத வரியத்தான் திரும்ப எழுதணும்.