வாய்ப்புண்ணுக்கு மாத்திரை எழுதும் முன்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் கிளினிக்குக்குப் புதிதாக வரும் இளம் பல் மருத்துவர்கள், "அடிக்கடி வாய்ப்புண் வருது" என்று கேட்டதுமே பி காம்ப்ளெக்ஸ் எழுதிவிடுகிறார்கள். பார்க்க எரிச்சலாக இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

ரத்தம் பார்க்காமல் பி காம்ப்ளெக்ஸ்

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் ஒரு அக்கா மாதாமாதம் பஸ் பிடித்து இறங்கி வருவார். உதட்டின் உட்பக்கம் இரண்டு புண், நாக்கோரம் ஒன்று. நடுவே வெளிறிய மஞ்சள், சுற்றிலும் சிவப்பு வளையம். பத்து நாளில் ஆறும், அடுத்த மாதம் வேறு இடத்தில் கிளம்பும். "உடம்புச் சூடுங்க சார்" என்பார். நானும் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுதுவேன். ஒரு வருடம் இப்படியே போனது.

ஒருநாள் மாடிப்படி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைவெளேர் என்றிருந்தது. நாக்கு வழவழத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7.4. பொது மருத்துவரிடம் அனுப்பியதில், மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிந்தது. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவர்களின் பாதம் வழியே நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு அது. அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை கொடுத்தார்கள். அப்புறம் இரும்பு மாத்திரை. ரத்தம் சரியான பிறகும் மூன்று மாதம். புண் வருடத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. நான் எழுதிய மாத்திரையில் இரும்பே கிடையாது!

இன்னொரு கேடும் உண்டு. மாத்திரையிலுள்ள பி12, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிக் காட்டும். பிறகு சோதித்தால் குறை தெரியாது. அதனால் முதலில் ரத்தம், பிறகுதான் மாத்திரை. எல்லாருக்கும் சத்துக்குறை இருக்காது என்பதும் சரிதான். தூக்கம் கெட்ட பரீட்சை நாட்கள், மாதவிலக்கு, கன்னத்தைக் கடித்துக்கொள்வது, நுரை பொங்கும் சில பேஸ்ட்டுகள், இவையும் கிளப்பிவிடும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம்.

புண்ணில் கல்லுப்பு வைப்பது

வெந்துதான் போகும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு, கொப்பளிக்க.

களிம்பை ஈரத்தில் தேய்ப்பது

எச்சிலோடு வழிந்துவிடும். சுத்தமான துணியால் புண்ணை ஒற்றிவிட்டு, தேய்க்காமல் மெல்ல ஒட்டவைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் போட்டால் நிற்கும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. காரம் குறையட்டும்.

ஒரே இடத்துப் புண்ணுக்கும் அதே வைத்தியம்

இடம் மாறாத புண் என்றால் அங்கே கூரான பல் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ராவிவிட்டால் இரண்டு வாரத்தில் ஆறும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண், ஓரம் தடித்துக் கெட்டியாக இருந்து வலியே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், கண் சிவப்பு, பிறப்புறுப்பில் புண், தொடர் வயிற்றுப்போக்கு, எடை குறைவு ஆகியவை வாய்ப்புண்ணோடு சேர்ந்து வந்தால் அது பல் டாக்டரோடு முடிகிற விஷயம் இல்லை.