பால் ஒத்துக்கவில்லையா? செரிமானக் குறையா, ஒவ்வாமையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பசும்பால் ஒத்துக்கவில்லை என்றால் சிலர் உடனே ஆட்டுப்பாலுக்கு மாறிவிடுவார்கள். இரண்டு கோளாறில் எதுவாக இருந்தாலும் இது சரிப்படாது. ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. அதன் புரதமும் பசும்பால் புரதத்தை ஒத்ததே.

படி 1: அறிகுறியைப் பாருங்கள்

பால் குடித்து அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, வயிற்றுப்போக்கு ஆனால் அது பெரும்பாலும் லாக்டோஸ் செரிக்காத கோளாறு. அந்தச் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குடலில் குறைந்திருக்கும். தோல் தடித்து அரிப்பது, உதடு வீங்குவது, இளைப்பது போன்றவை பால் புரத ஒவ்வாமையின் அடையாளம். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். மூச்சு திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள். இவர்கள் வீட்டில் பால் கொடுத்துச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

படி 2: எவ்வளவு தாங்கும்?

இது செரிமானக் குறை உள்ளவர்களுக்கு மட்டும். 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கும். டீக்கு 50 மில்லி பால் ஊற்றினால் இரண்டரை கிராம்தான், பலருக்கு ஒன்றும் செய்யாது. அதே ஆள் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு கடமுடா என்னும். இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள். பிறகு சாப்பாட்டோடு சேர்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டினால் உங்கள் எல்லை தெரியும். புளித்த தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஒவ்வாமைக்காரர்களோ தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். விருந்து வீட்டு நெய்ச்சோற்றையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

படி 3: சுண்ணாம்புச் சத்துக்கு வழி

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். தேங்காய்ப்பால் ருசிக்குப் பாலின் இடத்தைப் பிடிக்கும், ஆனால் அதில் கால்சியம் சொற்பம். சீலா மீன் துண்டிலும் அப்படித்தான், ஏனென்றால் முள்ளை எடுத்துப் போட்டுவிடுகிறோம். சத்து முள்ளில்தான் இருக்கிறது. அதனால் சூடை, நெத்திலி மாதிரிப் பொடி மீன்களை வாங்குங்கள். சூடையைப் புளிக்கரைசலில் குக்கரில் வைத்து, முள்ளை விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவிடுங்கள். முள் விறைப்பாக நின்றால் வேக்காடு போதாது.

பாலே தொடாத ஒருவரின் ஒரு நாள் கால்சியம் கணக்கு இது, எல்லாம் மில்லிகிராமில். காலையில் 60 கிராம் கேழ்வரகு மாவில் தோசை, சுமார் 200. மதியம் முள்ளோடு 100 கிராம் சூடை, ஏறக்குறைய 350. கூடவே 50 கிராம் முருங்கைக்கீரை, 150. மாலையில் 20 கிராம் தோல் நீக்காத எள்ளில் உருண்டை, 200-க்கு மேல். மொத்தம் 900-ஐத் தாண்டும். எள்ளில் இருப்பது முழுவதும் உடம்பில் சேராது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் கூடுதலாகச் சேரும்.

நெத்திலிக் கருவாட்டிலும் கால்சியம் நிறைய உண்டு. உப்பும் உண்டு என்பதால் வெந்நீரில் ஊறவைத்து மூன்று முறை அலசுங்கள். ரத்தக்கொதிப்பு இருப்பவர்களுக்குப் பச்சை நெத்திலியே நல்லது. மீனும் சேராதவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்கலாம். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் உடம்பு ஏற்கும் அளவு குறைந்துவிடும்.